பதினாறு பிளாக்குக்கு ஒரு திக்கல்

நான் ஓய்வு நேரத்தில் எழுதிவந்த பிளாக் உலகத்தில் முதலில் நடந்து பார்த்தவன் என் அக்கா மகன். பதினோரு வயது. மைன்கிராஃப்டைப் போலக் கனசதுரங்களால் ஆன மலை, மரம், குகை, ஏரி எல்லாம் அதில் உண்டு. தோண்டலாம், அடுக்கலாம். சிறிது தூரம் நடந்தவன், "மாமா, லேக் அடிக்குது" என்றான். திரையின் மூலையைப் பார்த்தேன். விநாடிக்கு 55 ஃப்ரேம் என்று எண் காட்டியது. "அம்பத்தஞ்சு வருதேடா, நல்லாத்தானே ஓடுது" என்றேன். "இல்ல மாமா, நடக்கும்போது ஒரு தடவ நிக்குது, அப்புறம் ஓடுது, திரும்ப நிக்குது. நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய நான்கு விநாடிக்கு ஒருமுறை நின்றது. ஓடச் சொன்னேன், மூன்று விநாடிக்கு ஒருமுறை நின்றது. ஒரே இடத்தில் நின்று சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நோய் என்னவென்று அப்போதே பாதி தெரிந்துவிட்டது.

மைன்கிராஃப்டில் ஆள் நடக்கும் வேகம் விநாடிக்கு 4.3 பிளாக், ஓடும் வேகம் 5.6. அதே அளவுகளைத்தான் நானும் வைத்திருந்தேன். 16 பிளாக்கைக் கடக்க நடந்தால் 3.7 விநாடி, ஓடினால் 2.9 விநாடி. திக்கல் வந்த இடைவெளிகளும் அவைதாம். என் உலகம் பதினாறு பதினாறு பிளாக்காக வெட்டப்பட்டது. ஒவ்வொரு வெட்டுக்கோட்டைத் தாண்டும்போதும் ஏதோ ஒரு பெரிய வேலை தலையில் விழுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மெமரியைக் கூட்டிப் பெருக்குவதோ, வன்வட்டில் சேமிப்பதோ காரணமாக இருந்திருந்தால் அந்தத் தாளம் கால் வேகத்தோடு மாறியிருக்காது. இப்படிப்பட்ட திக்கலைச் சந்திப்பவர்கள் எந்தக் கருவியையும் எடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்: நட, ஓடு, நில்.

மூலையில் இருந்த 55 ஏன் உண்மையைச் சொல்லவில்லை? அது சராசரி. 3.7 விநாடியில் 3.4 விநாடி படம் ஒழுங்காக விநாடிக்கு 60 என்று ஓடுகிறது, மீதி 0.3 விநாடி ஒரே ஃப்ரேம் அப்படியே நிற்கிறது. கூட்டி வகுத்தால் 55 வருகிறது. கண்ணுக்குத் தெரிவது அந்த நின்றுபோன ஒரு ஃப்ரேம்தான். அதனால் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று கோடு கோடாக வரையும் ஒரு சிறு வரைபடத்தைத் திரையில் சேர்த்தேன். புல் தரைபோல ஒரே உயரத்தில் ஓடிய கோடுகளுக்கு நடுவே, 3.7 விநாடிக்கு ஒன்றாகப் பனைமரம் நின்றது. அதன் உயரம் 300 மில்லி விநாடி. விநாடிக்கு 60 ஃப்ரேம் வர வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி மட்டுமே.

அந்த 300 மில்லி விநாடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் முன், பிளாக் உலகம் திரைக்கு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்தில் ஒவ்வொரு பிளாக்கும் ஓர் எண் மட்டுமே: 0 என்றால் காற்று, 1 கல், 2 மண், இப்படி. இதைத்தான் வாக்ஸல் என்கிறார்கள். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு வாக்ஸல் தெரியாது. அதற்குத் தெரிந்தது முக்கோணம். எண்களின் பட்டியலை முக்கோணங்களின் பட்டியலாக மாற்றித் தர வேண்டும். அந்த முக்கோணப் பட்டியலுக்குப் பெயர் மெஷ். உலகம் முழுவதற்கும் ஒரே மெஷ் செய்தால் ஒரு பிளாக்கைத் தோண்டினாலும் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அதனால் உலகத்தை 16×16×16 துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு மெஷ் வைக்கிறோம். இந்தத் துண்டைத்தான் இங்கே சங்க் என்கிறேன். மைன்கிராஃப்டில் சங்க் என்பது மேலிருந்து கீழ்வரை போகும் ஒரு முழுத் தூண்; அதை உயரவாக்கில் பதினாறு பதினாறாக நறுக்கித்தான் மெஷ் செய்கிறார்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

ஒரு சங்க்கில் 4,096 பிளாக். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கேள்வி: பக்கத்தில் இருப்பது காற்றா, கல்லா? காற்று என்றால் முகம் வெளியே தெரியும், வரைய வேண்டும். கல் என்றால் மறைந்திருக்கிறது, விட்டுவிடலாம். மொத்தம் 24,576 கேள்விகள். தட்டையான புல்வெளி என்றால் மேல்பக்கம் 256 முகங்கள் மட்டும் தேறும். ஒரு முகத்துக்கு நான்கு முனை, ஒரு முனைக்கு இடம், நிறம், ஒளி எல்லாம் சேர்த்து 32 பைட் என்றால் 32 கிலோபைட்டோடு முடிந்தது. சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று காற்றும் கல்லுமாக இருந்தால், அதே சங்க் 12,288 முகங்களையும் ஒன்றரை மெகாபைட்டையும் கேட்கும். அப்படி யாரும் கட்டமாட்டார்கள்தான், ஆனால் இலைகள் அடர்ந்த காடும் குகை துளைத்த மலையும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன. புல்வெளியில் நன்றாக ஓடும் விளையாட்டு காட்டுக்குள் போனதும் திக்குவதற்கு இதுவே காரணம். எல்லாச் சங்க்கும் அளவில் ஒன்றுதான், வேலையில் ஒன்றல்ல. இது பின்னால் ஒரு திட்டத்தைக் கவிழ்க்கப்போகிறது.

என் உலகம் ஆளைச் சுற்றி எல்லாத் திசையிலும் எட்டுச் சங்க் தூரம் தெரியும்படி அமைந்தது. அதாவது அகலத்தில் 17 தூண்கள். ஆள் ஒரு வெட்டுக்கோட்டைத் தாண்டியதும் முன்னால் 17 தூண்கள் புதிதாக முளைக்க வேண்டும். உயரம் 128 பிளாக், ஆகவே தூணுக்கு எட்டுச் சங்க், மொத்தம் 136. இதில் முழுக்கக் காற்றானவையும், முழுக்கக் கல்லாக மண்ணுக்குள் புதைந்தவையும் கணக்கில் வராது. மெஷ் செய்தாக வேண்டியவை தூணுக்கு மூன்றுபோல ஏறக்குறைய 50 மிஞ்சின. ஒன்றுக்குச் சராசரியாக 3 மில்லி விநாடி. அப்படியானால் 150 மில்லி விநாடி ஆக வேண்டும். வரைபடம் காட்டியதோ 300. மீதி 150 எங்கே போனது?

இரண்டு நாள் தேடிய பிறகு கிடைத்தது. உலகத்தின் ஓரத்தில் இருக்கும் சங்க்குக்கு வெளிப்பக்கத்தில் அண்டை இன்னும் வந்திருக்கவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. என் நிரல் அதைக் காற்று என்று எடுத்துக்கொண்டு, ஓரச் சுவர் முழுவதையும் வரைந்துவிட்டது. அடுத்த வரிசை வந்ததும், அது காற்றில்லை கல் என்று தெரிந்து, பழைய ஓர வரிசை முழுவதையும் மறுபடி செய்தது. ஒவ்வொரு சங்க்கும் இரண்டு முறை பிறந்தது. இதற்கு மருந்து எளியது: சுற்றியுள்ள அண்டைகள் எல்லாம் வந்து சேரும்வரை ஒரு சங்க்குக்கு மெஷ் செய்யாதே. கடைசி வளையம் தரவாக மட்டும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பார்வைத் தூரத்தில் ஒரு சங்க் குறையும், அவ்வளவுதான். பனைமரம் பாதியாகக் குறைந்தது. வேலையைப் பிரித்துப் போடுவதைப் பற்றி யோசிக்கும் முன், தேவையில்லாத வேலை எவ்வளவு நடக்கிறது என்று பார்ப்பதுதான் முறை என்று அப்போது உறைத்தது. ஒரே ஃப்ரேமுக்குள் ஒரு சங்க் ஐந்து முறை மாறினாலும் மெஷ் ஒருமுறை செய்தால் போதும். 'அழுக்கானது' என்று ஒரு குறி மட்டும் வைத்துவிட்டு, ஃப்ரேமின் கடைசியில் குறி உள்ளவற்றை எடுக்கலாம். வெடி வைத்து நூறு பிளாக் பறக்கும்போது இந்த ஒரு குறி நூறு மெஷ்களை ஒன்றிரண்டாகச் சுருக்கிவிடும்.

இங்கே பலர் இன்னொரு திசையில் போகிறார்கள். 2012-இல் மிகோலா லிசென்கோ என்பவர் எழுதிப் புகழ்பெற்ற ஒரு முறை உண்டு: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரே மாதிரி முகங்களை ஒட்டிப் பெரிய செவ்வகமாக்குவது. தட்டையான புல்வெளியின் 256 முகங்கள் ஒரே முகமாகிவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் திக்கலுக்கு அது மருந்தல்ல. ஒட்டத் தகுந்தவற்றைத் தேடுவதே கூடுதல் வேலை. மெஷ் செய்யும் நேரம் குறையாமல் கூடவும் செய்யலாம். வரையும் வேலை அதிகமா, செய்யும் வேலை அதிகமா என்று பிரித்துப் பார்க்காமல் இதைச் சேர்த்தால் நோய் ஒரு பக்கமும் மருந்து ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

மிச்சமிருந்த 150 மில்லி விநாடிக்கு வருவோம். முதலில் செய்தது, அதைப் பல ஃப்ரேம்களுக்குப் பங்கிட்டது. என் விளையாட்டில் வரைவதற்கும் மற்றவற்றுக்கும் ஃப்ரேமுக்கு 9 மில்லி விநாடி போகிறது. மீதி 7க்குச் சற்று மேல். அதில் ஓரளவு கையிருப்பாக விட்டுவிட்டு, மெஷ்ஷுக்கு 4 என்று ஒதுக்கினேன். செய்ய வேண்டியவற்றை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் எடுத்து, நேரம் தீரும்வரை செய்வது:

```cpp
auto start = now();
while (!queue.empty() && now() - start < 4ms) {
    buildMesh(queue.popNearest());
}
```

ஃப்ரேமுக்கு இத்தனை சங்க் என்று எண்ணிக்கை வைப்பவர்களும் உண்டு. எனக்கு நேரம் வைப்பதுதான் சரியாகப் படுகிறது. எண்ணிக்கை என் மடிக்கணினியில் பொருந்தும், அக்கா வீட்டுப் பழைய கணினியில் பொருந்தாது. நேரமோ எந்த இயந்திரத்திலும் நேரம்தான். மெதுவான இயந்திரம் குறைவாகச் செய்யும், ஆனால் திக்காது.

இந்த நான்கு வரியில் ஒரு பொறி இருக்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பது ஒரு சங்க் முடிந்த பிறகுதான், நடுவில் இல்லை. 3 மில்லி விநாடியில் முதல் சங்க் முடிகிறது. இன்னும் 4 ஆகவில்லை, ஆகவே அடுத்தது தொடங்குகிறது. முடியும்போது 6. வரையும் 9-ஐச் சேர்த்தால் 15, 16.7-க்குள் தப்பித்துவிட்டோம். இந்தக் கணக்கில் ஃப்ரேமுக்கு இரண்டு, 25 ஃப்ரேமில் 50 சங்க்கும் முடிந்துவிடும். அரை விநாடிகூட ஆகாது. ஆனால் அந்த இரண்டாவது சங்க் அடர்ந்த காடாக இருந்து 9 மில்லி விநாடி கேட்டால் மொத்தம் 21 ஆகி, ஒரு ஃப்ரேம் நழுவிவிடும். எல்லாச் சங்க்கும் வேலையில் ஒன்றல்ல என்று முன்பு சொன்னது இதைத்தான். புல்வெளியில் சோதித்துப் பார்த்து மகிழ்ந்த திட்டம் காட்டில் கவிழ்ந்தது. பழைய பனைமரம் போய், குட்டைப் புதர்கள் அங்கங்கே முளைத்தன. ஒரு சங்க்கையே அடுக்கு அடுக்காகப் பிரித்து நடுவில் நிறுத்தித் தொடரும்படி எழுதலாம். எழுதினேன், ஓடியது. ஆனால் நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப வருவதற்குள், பிளாக்குகள் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற தொல்லை வந்து சேர்ந்தது. அந்தத் தொல்லையைத்தான் பட வேண்டும் என்றால், வேலையை முழுவதுமாக இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டே படலாம் என்று தோன்றியது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு இலை பரிமாறுகிறவர் ஒரு சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவரையே நடுவில் பின்கட்டுக்கு அனுப்பிக் காய் நறுக்கச் சொன்னால் பந்தி நின்றுவிடும். விளையாட்டின் முதன்மை த்ரெட் பரிமாறுகிறவர். மெஷ் செய்வது பின்கட்டு வேலை. இன்றைய பிராசஸரில் நான்கு கோராவது இருக்கும்போது ஒரே கோரைப் பரிமாறவும் நறுக்கவும் ஓடவைப்பதில் நியாயமில்லை. மைன்கிராஃப்டே தன் ஜாவா பதிப்பில் 2014 செப்டம்பரில் வந்த 1.8-இல்தான் மெஷ் கட்டும் வேலையைப் பல த்ரெட்டுகளுக்குக் கொடுத்தது. முழு விளையாட்டாக வெளிவந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டு கழித்து. பிரித்துக் கொடுப்பது பேச்சுக்கு எளிது, செய்வதற்கு எளிதல்ல என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி.

எங்கே கடினம் என்றால், பின்கட்டு த்ரெட் ஒரு சங்க்கைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் அதில் ஒரு பிளாக்கைத் தோண்டிவிடலாம். பாதி பழையதும் பாதி புதியதுமான மெஷ் வரும். அந்த நேரத்தில் மெமரி இடம் மாறினால் விளையாட்டே விழுந்துவிடும். சங்க்கைப் பூட்டிவைத்தால் தோண்டுகிற கை காத்திருக்க வேண்டும். திக்கல் வேறு வாசலில் வந்து நிற்கும். நான் கையாண்ட வழி நகலெடுப்பது. வேலையைக் கொடுக்கும் நொடியில் சங்க்கையும், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு பிளாக் ஓரத்தையும் சேர்த்து 18×18×18 ஆக ஒரு நகல். 5,832 பிளாக், ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் 11 கிலோபைட்டுக்குச் சற்று மேல். இதை நகலெடுக்க ஆகும் நேரம் மெஷ் செய்யும் நேரத்தின் முன் ஒன்றுமேயில்லை. பின்கட்டு த்ரெட் நகலை மட்டும் பார்க்கும். உண்மை உலகத்தைத் தொடாது. யாரும் யாருக்காகவும் பூட்டுப் போட வேண்டியதில்லை.

ஓரத்து ஒரு பிளாக் எதற்கு என்றால், முகம் தெரியுமா என்று கேட்க அண்டையின் முதல் வரிசை தேவை. மூலைக்கு மூலை மெல்லிய நிழல் போடுவதாக இருந்தால் குறுக்கே இருக்கும் அண்டைகளும் தேவை. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பிளாக்கைத் தோண்டினால் அது இருக்கும் சங்க் மட்டும் மாறுவதில்லை. ஓரத்தில் இருந்தால் அண்டையும் மாறும். சரியாக மூலையில் இருந்தால் தன்னோடு சேர்த்து நான்கு சங்க், நிழலையும் கணக்கில் எடுத்தால் எட்டுச் சங்க். ஓரம் தொடாத உட்பகுதி 14×14×14, அதாவது 2,744 பிளாக். 4,096-இல் அது மூன்றில் இரண்டு பங்கு. மீதி மூன்றில் ஒரு பங்குத் தோண்டல்கள் அண்டையையும் இழுக்கும். ஒரே மாதிரித் தோண்டும்போது சில தடவை மட்டும் ஏன் இழுக்கிறது என்று விளங்காமல் இருந்தவர்களுக்கு இதுதான் விடை. மைன்கிராஃப்ட் தெரிந்தவர்கள் F3-ஐப் பிடித்துக்கொண்டு G-ஐ அழுத்திச் சங்க் எல்லைக் கோடுகளை வரவழைத்து, கோட்டுக்கு அருகே தோண்டியும் நடுவில் தோண்டியும் பார்க்கலாம்.

பின்கட்டிலிருந்து வரும் மெஷ் பழையதாகியிருக்கலாம். அதற்காக ஒவ்வொரு சங்க்குக்கும் ஒரு பதிப்பு எண் வைத்தேன். மாறும்போதெல்லாம் ஒன்று கூடும். நகலெடுக்கும்போது அந்த எண்ணையும் எழுதி அனுப்புவேன். திரும்பி வரும்போது எண் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்வது என்று முதலில் எழுதினேன். பார்க்கச் சரியாகத்தான் தெரிந்தது. பிறகு ஒருநாள் அக்கா மகன் மலையுச்சியில் தண்ணீரைத் திறந்துவிட்டான். தண்ணீர் வழியும் சங்க் நொடிக்குப் பல தடவை மாறுகிறது. ஒவ்வொரு மெஷ்ஷும் வந்து சேரும்போது எண் தாண்டிப் போயிருக்கிறது. எல்லாவற்றையும் நிரல் தூக்கி எறிகிறது. திரையில் தண்ணீர் வரவேயில்லை. வழிந்து முடிந்ததும் ஒரே தாவலில் அருவி முழுதாகத் தோன்றியது. திருத்தம் ஒரே குறியில் இருந்தது:

```cpp
if (result.version > chunk.shownVersion)
    swapMesh(chunk, result);
```

இப்போதைய உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கக் கூடாது. இப்போது திரையில் இருப்பதைவிடப் புதியதா என்று கேட்க வேண்டும். புதியது என்றால் காட்டிவிடு, அதற்குள் மீண்டும் மாறியிருந்தால் இன்னொரு தடவை அனுப்பு. கொஞ்சம் பழைய தண்ணீர், தண்ணீரே இல்லாமல் இருப்பதைவிட மேல்.

இவ்வளவும் செய்து ஓடவிட்டபோது வரைபடத்தில் மறுபடியும் முள் குத்தியது. பழைய பனைமரம் இல்லை, ஆனால் 30, 40 மில்லி விநாடி. பின்கட்டில் மூன்று த்ரெட்டுகள் வேகமாக முடித்துக்கொடுத்த மெஷ்களை எல்லாம் முதன்மை த்ரெட் ஒரே ஃப்ரேமில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஓபன்ஜிஎல்லில் வரைகிற உரிமை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டோடு கட்டப்பட்டது; வழக்கமான அமைப்பில் ஏற்றும் வேலை முதன்மை த்ரெட்டுக்கே வந்து சேரும். பின்கட்டிலிருந்து பத்து அண்டா ஒரே நேரத்தில் வந்தால் பரிமாறுகிறவர் தூக்கிவைப்பதிலேயே நின்றுவிடுவார். ஆகவே ஏற்றுவதற்கும் ஃப்ரேமுக்கு இவ்வளவு மெகாபைட் என்று ஒரு வரம்பு வைத்தேன். த்ரெட்டுக்குக் கொடுத்தாயிற்று, இனிப் பங்கீடு எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. ஃப்ரேம்களில் பங்கிடுவதும் த்ரெட்டில் பிரிப்பதும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று பேசப்படுகின்றன. நடைமுறையில் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் F3 திரையிலேயே இந்த மூன்று நிலைகளையும் பார்க்கலாம். `pC` என்பது மெஷ் செய்யக் காத்திருக்கும் துண்டுகள், `pU` என்பது செய்து முடித்து ஏற்றக் காத்திருப்பவை, `aB` என்பது வேலைக்குக் காலியாக இருக்கும் மெமரிப் பாத்திரங்கள். `pC` ஏறிக்கொண்டே போனால் பின்கட்டில் ஆள் போதவில்லை. `pU` ஏறினால் பரிமாறுகிறவரிடம் தேங்குகிறது. `aB` பூஜ்யமாகவே இருந்தால் எல்லாப் பாத்திரமும் அடுப்பில் இருக்கிறது. பாத்திரத்தை எண்ணி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் புதிது புதிதாக மெமரி எடுத்து எறிந்தால், ஜாவா அந்தக் குப்பையை அள்ள நிற்கும்போது விளையாட்டும் நிற்கும்.

இனி வருவதுதான் எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம். எல்லாம் த்ரெட்டுக்குப் போன பிறகு அக்கா மகன் தரையைத் தோண்டினான். "மாமா, ஓட்டை தெரியுது. கீழ குகை தெரியுது." ஒரு கணம்தான், ஆனால் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. அவன் தோண்டியது சங்க் ஓரத்துப் பிளாக். அதை அடுத்து, அண்டைச் சங்க்கில் இருந்த கல்லின் முகம் அதுவரை மறைந்திருந்ததால் வரையப்படவேயில்லை. தோண்டிய சங்க்கின் புது மெஷ் முதலில் வந்துவிட்டது; அண்டையின் புது மெஷ் இரண்டு ஃப்ரேம் தாமதம். அந்த இரண்டு ஃப்ரேமும், வரையப்படாத முகத்தின் வழியே பூமிக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தது.

மைன்கிராஃப்ட் 2021-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து இதை ஆடுகிறவரின் விருப்பத்துக்கே விட்டது. படக்காட்சி அமைப்புகளில் `Chunk Builder` என்று ஒரு பொத்தான் இருக்கும். `Threaded` என்று வைத்தால் அருகில் இருப்பவையும் த்ரெட்டுக்கே போகும். உடைக்கும்போது கணநேரம் ஓட்டை தெரியலாம் என்று அந்தப் பொத்தானின் விளக்கமே சொல்கிறது. `Semi Blocking` என்றால் ஆள் தன் கையால் வைப்பதும் உடைப்பதும் மட்டும் அந்த நொடியே செய்யப்படும். `Fully Blocking` என்றால் அருகில் இருப்பவை எல்லாமே உடனுக்குடன். எவ்வளவு வேகமாகச் செய்வது என்று அந்தப் பொத்தான் கேட்கவில்லை. யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்று கேட்கிறது. அடிவானத்து மலை அரை விநாடி தாமதித்து வந்தால் யாருக்கும் தெரியாது. கைக்குக் கீழே இருக்கும் பிளாக் இரண்டு ஃப்ரேம் தாமதித்தாலும் கை உணர்ந்துவிடும்.

என் நிரலில் நடுவழியைத்தான் எடுத்தேன். ஆள் தோண்டினால் அந்தச் சங்க்கையும் ஓரம் தொட்ட அண்டைகளையும் ஒரு கட்டாகக் கட்டிவிடுவேன். கட்டு ஒன்றிரண்டு சங்க்காக இருந்தால் முதன்மை த்ரெட்டே உடனே செய்துவிடும். 6 மில்லி விநாடிதான், அந்த ஃப்ரேமில் மற்ற மெஷ் வேலை கிடையாது. மூலையில் தோண்டி எட்டுச் சங்க் சேர்ந்தால் 24 மில்லி விநாடி ஆகும், அது தாங்காது. அப்போது கட்டை த்ரெட்டுக்கு அனுப்பி, எட்டும் முடிந்த பிறகுதான் எட்டையும் ஒரே ஃப்ரேமில் மாற்றுவேன். பிளாக் மறைவது இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்தும், ஆனால் ஓட்டை தெரியாது. தோண்டும் ஓசையையும் சிதறும் துகள்களையும் மட்டும் அடித்த நொடியிலேயே காட்டிவிடுகிறேன். கைக்கு அது போதுமானதாக இருக்கிறது.

தீப்பந்தம்தான் இன்னும் சரியாக அடங்கவில்லை. மைன்கிராஃப்டில் தீப்பந்தத்தின் ஒளி அளவு 14. பிளாக்குக்கு ஒன்றாகக் குறைந்து 13 பிளாக் தூரம்வரை எட்டும். நானும் அப்படியே வைத்தேன். சங்க்கின் நட்டநடுவில் வைத்தாலே ஒளி ஆறு அண்டைகளுக்குள்ளும் நுழைகிறது. ஒளியை முனைகளிலேயே எழுதிவைத்திருப்பதால் ஏழு சங்க்கும் மறுபடி பிறக்க வேண்டும். தீப்பந்தம் வைக்கப்பட்ட சங்க்கை மட்டும் உடனே செய்துவிட்டு மற்றவற்றை வரிசைக்கு அனுப்பினால், குகைக்குள் வெளிச்சம் ஒரு சுவரில் முதலிலும் மறுசுவரில் பிறகுமாகக் கோடு கிழித்தாற்போல் பரவுகிறது. எல்லாவற்றையும் கட்டாகக் கட்டினால் தீப்பந்தமே தாமதமாக எரிகிறது. இரண்டில் எது குறைந்த தீமை என்று நானும் அவனும் இருவிதமாகச் சொல்கிறோம். அவனுக்கு உடனே எரிய வேண்டும், கோடு தெரிந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் அக்கா வீட்டுப் பழைய கணினியில் போட்டுப் பார்த்தோம். அதில் இரண்டே கோர். மூன்று பின்கட்டு த்ரெட்டுகளும் முதன்மை த்ரெட்டின் இடத்தையே பிடுங்கிக்கொண்டதால், எவ்வளவு பிரித்தும் திக்கியது. கோர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துத்தான் பின்கட்டுக்கு ஆள் வைக்க வேண்டும் என்று மாற்றி, ஒரே த்ரெட்டோடு விட்டேன். பனிமூட்டத்தையும் இரண்டு சங்க் அருகே இழுத்தேன். அவன் வடக்கே மலையைப் பார்த்து ஓடத் தொடங்கினான். மலை மெதுவாக, பனிக்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. வரைபடத்தில் கோடு தட்டையாகவே ஓடியது. "இப்ப எப்படிடா?" என்றேன். அவன் அதற்குள் மலையடிவாரத்தில் தோண்ட ஆரம்பித்திருந்தான்.